தைத்த நோட்டும் விடுபட்ட கணக்கும்

கேள்வி: என் சிறு வயதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு நிலையான வேலை கிடையாது. அம்மாதான் வீட்டைச் சமாளித்தார். எழுதிய வரை படித்த என் மகள், "எவ்வளவு அழகான காலம்மா அது!" என்கிறாள். எனக்கு அது அழகான காலமாக இருக்கவில்லை. மாற்றி எழுதிக் காட்டினால் தோழி அழுகிறாள். அதுவும் எனக்கு வேண்டாம். ஒரு பத்தியை அனுப்புகிறேன்: "ஒவ்வொரு விடுமுறையிலும் அம்மா பழைய நோட்டுகளில் எழுதாமல் விட்ட தாள்களைப் பிரித்துத் தைத்துத் தருவார். அந்த நோட்டின் ஒவ்வொரு தாளிலும் அவர் அன்பு மணக்கும். கையில் காசில்லை, மனதில் குறையில்லை." எங்கே சறுக்குகிறேன்? இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல வேண்டுமா என்று அண்ணன் வேறு கேட்கிறார்.

பதில்:

நீங்கள் அனுப்பிய மூன்று வாக்கியங்களில் முதல் வாக்கியத்தில் மட்டும்தான் ஏதோ நடக்கிறது. மற்ற இரண்டும் நடந்ததற்குத் தீர்ப்பு சொல்கின்றன. உங்கள் மகள் அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் அழகான காலம் என்கிறாள். அவள் மேல் பிழை இல்லை. அன்பு மணந்தது, மனதில் குறையில்லை என்று எழுதியவர் நீங்கள்.

முதலில் அந்த இரண்டையும் அடித்துவிடுங்கள். கையெழுத்துப் பிரதி முழுக்க ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியத்தையும் தனியாக எடுத்துப் பாருங்கள். வறுமையைப் பற்றிய எழுத்தில் இனிப்பு தடவப்படும் இடம் பெரும்பாலும் அதுதான். பத்தி கசப்பாக முடிந்துவிடுமோ என்ற பயத்தில் நாமே ஒரு ஆறுதலைச் சேர்த்துவிடுகிறோம்.

அடித்தது போதாது. மிஞ்சும் முதல் வாக்கியமும் ஆபத்தானதுதான். கையால் தைத்த நோட்டு என்றதும் இன்றைய வாசகருக்கு நினைவில் வருவது பரிசுக் கடையில் கூடுதல் விலைக்கு விற்கும் அழகான பொருள். உங்கள் நோட்டு எப்படி இருந்தது என்று நீங்கள் சொல்லாதவரை அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே அந்த வேலையை முழுவதுமாக எழுத வேண்டும்.

நடுவில் கம்பிப் பின் அடித்த நோட்டில் ஒவ்வொரு தாளும் மடித்த இரட்டைத் தாள். பின்பாதியில் வெறுமையாக மிஞ்சும் தாளுக்கு முன்பாதியில் எழுதித் தீர்த்த ஜோடி ஒன்று இருக்கும். நோட்டில் பாதிக்கு மேல் எழுதாமல் இருந்தால் மட்டுமே நடுவிலிருந்து சில தாள்கள் ஜோடியாகக் கிடைக்கும். மற்றவற்றை மடிப்பில் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். அவை ஒற்றைத் தாள்கள். ஒற்றைத் தாள்களை நடுமடிப்பில் தைக்க முடியாது. அடுக்கி வைத்து, ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி, மேலிருந்து கீழாகக் குத்தித் தைக்க வேண்டும். கனமான அடுக்கை ஊசி துளைக்காது. முதலில் ஆணியும் சுத்தியலும் வேண்டும். அதற்குள் தாள்கள் நகர்ந்து ஓரம் கோணலாகிவிடும்.

அப்படித் தைத்த நோட்டுக்குச் சில குணங்கள் உண்டு. விரித்தால் விரிந்து கிடக்காது. இடது கையால் அழுத்திக்கொண்டேதான் எழுத வேண்டும். ஓரத்தில் ஒரு விரல் அகலம் தையலுக்குப் போய்விடுவதால் இடதுபக்கத்துக் கோடு தையலுக்குள் ஒளிந்துகொள்ளும். கோடு போட்ட தாள், கட்டம் போட்ட தாள், வெறும் தாள் எல்லாம் கலந்து வரும். நூல் போன ஓட்டைகள் ஓரத்துக்கு அருகில் இருப்பதால் தாளை வேகமாகப் புரட்டினால் கிழியும், பிறகு உதிரும். எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பில் நாற்பது நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இந்த ஒன்று மட்டும் தனியாகத் தெரியும்.

இவை அத்தனையும் உங்களுக்கு நடந்தன என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நோட்டு இப்படித்தான் நடந்துகொள்ளும். இவற்றில் எது உங்களுக்கு நடந்தது என்று நினைவைக் கிளற வேண்டியது நீங்கள்தான். முடிந்தால் ஒரு மாலை நேரத்தில் பழைய தாள்களை எடுத்து நீங்களே ஒன்று தைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும், அவர் விரல் எங்கே வலித்திருக்கும் என்பது தெரிந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து யோசிப்பதைவிடக் கை வேலை செய்யும்போது விவரங்கள் விரைவாகத் திரும்பி வரும்.

சிக்கனத்தை எழுதும்போது நான் நான்கு விஷயங்களைத் தேடுவேன். அந்த வேலையைச் செய்தது யார்? எந்த நேரத்தை அதற்குக் கொடுத்தார், அதாவது எதை விட்டுக்கொடுத்தார்? செய்து முடித்த பொருள் எந்த இடத்தில் பயன்படாமல் போயிற்று? பயன்படாமல் போனபோது அதன் விலையை யார் கொடுத்தார்? அழகுபடுத்தப்பட்ட எழுத்தில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் இருக்கும். மற்ற மூன்றும் விடுபட்டிருக்கும். உங்கள் பத்தியிலும் அப்படித்தான். அதில் கண்ணியமான தொனி இருப்பது குறையில்லை. கணக்கு பாதியில் நின்றுபோனதுதான் குறை.

ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். சம்பவம் என் கற்பனை. உங்கள் உண்மையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் அம்மா பழைய நோட்டுகளைப் பிரிப்பார். கணக்கு நோட்டில்தான் நிறைய தாள் மிஞ்சும். அதனால் என் மொழிப்பாட நோட்டிலும் பாதிக்கு மேல் கட்டம் போட்ட தாள்கள். ஆணியால் ஓட்டை போட்டு ஒன்றைத் தைத்து முடிக்க நள்ளிரவாகிவிடும். விடிவதற்கு முன் அவர் வேலைக்குக் கிளம்ப வேண்டும். திருத்துவதற்கு நோட்டுகளை மேசையில் அடுக்கும்போது என்னுடையது வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதனால் கடைசியாகப் போய், மேலே வைக்காமல் அடியில் செருகிவிட்டு வருவேன். ஒரு நாள் டீச்சர் அடுக்கைத் தூக்கியபோது அடியிலிருந்து தாள்கள் கொட்டின. 'யாரோடது இது?' என்றார். நான் எழுந்திருக்கவில்லை. நோட்டு எங்கே என்று அன்று மாலை அம்மா கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். ஏன் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை என்று திட்டிவிட்டு, அன்று இரவு மறுபடியும் ஆணியை எடுத்தார்."

இதில் ஏழ்மை, அன்பு, வெட்கம் ஆகிய மூன்று சொற்களும் இல்லை. அம்மாவின் பாடு தெரிகிறது. ஆனால் அவர் தெய்வமாகிவிடவில்லை, திட்டுகிறார். சிறுமியும் வெறுமனே துன்பத்தை வாங்கிக்கொள்பவளாக இல்லை. ஒளிக்கிறாள், பொய் சொல்கிறாள், அந்தப் பொய்யின் செலவை அம்மாவின் தூக்கத்தின் மேல் சுமத்துகிறாள். இதைப் படித்துவிட்டு அழகான காலம் என்று சொல்வது கடினம். "ஐயோ பாவம்" என்று அழுவதும் அத்தனை சுலபமில்லை, ஏனென்றால் அவள் ஒரு காரியம் செய்திருக்கிறாள். உங்கள் தோழியை அழவைத்த பிரதியில் ஒரே பத்திக்குள் கிழிந்த உடை, ஒழுகும் கூரை, பசி, நோய் எல்லாம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு காட்சிக்கு ஒரு இல்லாமை போதும். அடுக்கினால் எதுவும் கண்ணில் படாது. அதோடு, அந்தக் குழந்தைக்கு ஒரு ஆசை, ஒரு தந்திரம், ஒரு சின்னக் கொடுமை கொடுங்கள். அப்போது வாசகர் அவளைப் பார்த்து இரங்குவதை நிறுத்திவிட்டு அவளோடு நடக்க ஆரம்பிப்பார்.

இப்போது வெட்கத்துக்கு வருகிறேன். உங்களுக்கு மிகக் கடினமான பகுதி இதுதான். "கூனிக் குறுகினேன்", "பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது" போன்ற வாக்கியங்கள் வெட்கத்தைச் சொல்வதுபோல் தோன்றும், ஆனால் அவை யாருடைய வெட்கமும் இல்லை. வெட்கத்துக்குப் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். யார் பார்த்தார், அவர் எங்கே நின்றார், அவரிடம் என்ன இருந்தது என்பதை எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும். பொருளியல் அறிஞர் ஆதம் ஸ்மித் 1776லேயே இதைக் கவனித்தார். லினன் சட்டை உயிர்வாழத் தேவையானது இல்லை, பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் அது இல்லாமலே வசதியாக வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில் ஒரு தினக்கூலிகூட அது இல்லாமல் பொது இடத்துக்கு வர வெட்கப்படுவார் என்றார். நம் காலத்துப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இந்த எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு, வெட்கப்பட நேராமல் பிறர் முன் நடமாட முடிவதையே வறுமையை அளக்கும்போது கணக்கில் கொண்டுவந்தார். உங்கள் எழுத்துக்கு இதன் பொருள் நேரானது. தைத்த நோட்டு தானாக வெட்கத்தைத் தராது. வகுப்பில் பாதிப் பேர் தைத்த நோட்டு வைத்திருந்தால் அது வெறும் நோட்டு. ஆகவே மற்ற முப்பத்தொன்பது நோட்டுகள் எப்படி இருந்தன என்று எழுதுங்கள். பக்கத்து இருக்கைக்காரியின் அட்டையில் என்ன படம் இருந்தது? தைத்த நோட்டு வேறு யாரிடமாவது இருந்ததா? இருந்திருந்தால் அவளோடு நீங்கள் சேர்ந்தீர்களா, தள்ளிப் போனீர்களா? பெரும்பாலும் தள்ளித்தான் போயிருப்பீர்கள். தன்னைப் போலவே இருப்பவளின் பக்கத்தில் நின்றால் தானும் தெரிந்துவிடுவோம் என்று குழந்தைக்குத் தெரியும்.

வெட்கம் வெடித்த நாளை மட்டும் எழுதுகிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அந்த நாள் வராமல் இருக்க அந்தக் குழந்தை மற்ற நாட்களில் என்னவெல்லாம் செய்தாள் என்பதுதான் அது. சுற்றுலாவுக்குப் பணம் கட்டச் சொல்லும் முன்பே "எனக்கு வண்டியில் போனால் வாந்தி வரும்" என்று சொல்லி வைப்பது. யாராவது தர வரும்போது "எனக்கு இது பிடிக்காது" என்று முந்திக்கொள்வது. தோழியைத் தெருமுனையிலேயே வழியனுப்பிவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடப்பது. இவை பழக்கங்கள். சில காலம் போனால் பொய் எது, விருப்பம் எது என்று அவளுக்கே தெரியாமல் போகும். உங்களுக்கு இன்றும் பிடிக்காதது ஏதாவது இருந்தால், அது எப்போதிலிருந்து பிடிக்காமல் போயிற்று என்று யோசித்துப் பாருங்கள். நல்ல அத்தியாயம் ஒன்று அங்கே கிடைக்கக்கூடும். யாராவது உதவி செய்த நாளையும் விட்டுவிடாதீர்கள். பழைய உடையை அன்பாகக் கொடுத்தவரின் மகள் அதே வகுப்பில் இருந்தால், அந்த உதவி திட்டை விடக் கூர்மையாகக் குத்தியிருக்கும். நன்றியும் கோபமும் ஒன்றாக இருந்தன என்றால் இரண்டையும் எழுதுங்கள், சமாதானம் செய்துவைக்காதீர்கள்.

அம்மாவைப் பற்றியும் உங்களுக்கு வெட்கம் இருந்திருக்கும். பள்ளி வாசலில் அவர் வந்து நின்றபோது வேறு பக்கம் பார்த்திருக்கலாம். இந்த இடத்தில்தான் வளர்ந்த நீங்கள் ஓடிவந்து "அன்று புரியவில்லை, இன்று புரிகிறது" என்று எழுதத் துடிப்பீர்கள். எழுதாதீர்கள். அந்த வாக்கியம் குழந்தையை உடனே மன்னித்துவிடுகிறது, வாசகருக்குச் செய்ய எதுவும் மிஞ்சாது. வளர்ந்தவருக்கென்று வேறு வேலை இருக்கிறது. குழந்தைக்குத் தெரிய வாய்ப்பில்லாத வீட்டுக் கணக்கை அவர் சொல்லட்டும், அதையும் தனிப் பத்தியில் சொல்லட்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டு வயதும் பேசக் கூடாது.

அந்தக் கணக்கை எப்படி எழுதுவது? பழைய விலையை அப்படியே போட்டால் வாசகர் சிரிப்பார், "அப்போ எல்லாம் எவ்வளவு மலிவு!" என்பார். விலையை உழைப்பில் சொல்லுங்கள். ஐந்து நோட்டுகளின் விலை அப்பாவின் இரண்டு நாள் கூலி என்று எழுதினால், எந்த ஊர்க்காரருக்கும் எந்தத் தலைமுறைக்கும் அது புரியும். பிறகு காலத்தைச் சொல்லுங்கள். நிலையான வேலை இல்லாத வீட்டில் தொகையைவிடத் தேதிதான் கொடுமை செய்யும். இரண்டு நாள் கூலி பெரிய தொகை இல்லை. ஆனால் பள்ளி திறக்கும் வாரத்திலேயே வாடகையும் வந்து, அந்த மாதம் வேலை கிடைத்தது பத்து நாள்தான் என்றால், அந்த இரண்டு நாள் கூலி எங்கிருந்தும் வராது. அம்மா ஏன் தைத்தார் என்பதற்கு இதுதான் காரணம். அதை எழுதாவிட்டால் தைப்பது அவருடைய நல்ல குணமாக மட்டும் தெரியும். மாற்று வழி இருந்து அதை வேண்டாம் என்றவர் சிக்கனக்காரர். அம்மாவுக்கு வேறு வழியே இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் எழுதுவதில்லை. கையில் காசில்லாதவர் பல நேரம் அதிக விலை கொடுக்கிறார். மொத்தமாக வாங்க முடியாததால் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்குகிறார். அளவைக் கணக்கிட்டால் அது கூடுதல் விலை. கடன் தரும் கடையை விட்டு மலிவான கடைக்குப் போக முடியாது. மலிவான செருப்பு சீக்கிரம் அறுந்து, ஆண்டுக்கு இரண்டு வாங்க வேண்டியதாகிறது. அம்மா எத்தனை கெட்டிக்காரியாக இருந்தாலும் இந்த ஓட்டையை அவரால் அடைத்திருக்க முடியாது. அதே வீட்டில் ஒரு நாள் அப்பா கையில் கிடைத்த பணத்தைத் தேவையில்லாத ஒரு பொருளில் போட்டிருப்பார், எல்லோரும் அன்று குதூகலமாக இருந்திருப்பீர்கள். அதை மறைக்காதீர்கள். சந்தோஷத்தை எழுதுவதால் வறுமை அழகாகிவிடாது. "ஆனாலும்", "இருந்தாலும்" என்று சொல்லி அந்தச் சந்தோஷத்தை இல்லாமைக்கு ஈடாக வைப்பதால்தான் அழகாகிறது. இந்தச் சொற்களைப் பிரதியில் தேடி, அவை இணைக்கும் இரண்டு வாக்கியங்களையும் முற்றுப்புள்ளியால் பிரித்துவிடுங்கள். சந்தோஷம் இருந்தது. நோட்டு வாங்கக் காசு இருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் தராசு வேண்டாம். "அந்தக் கஷ்டம்தான் என்னை ஆளாக்கியது" என்று எங்காவது எழுதியிருந்தால், அதே வீட்டில் வளர்ந்த உங்கள் அண்ணனுக்கும் அந்த வாக்கியம் பொருந்துமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அண்ணனின் கேள்வியை எதிர்ப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வெட்கம் அவரிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அவர் வருகிற பக்கங்களை மட்டும் அவரிடம் கொடுங்கள். பிடித்திருக்கிறதா, எழுதலாமா என்று கேட்காதீர்கள். நடந்தது இப்படித்தானா என்று கேளுங்கள். விவரத்தைத் திருத்தப் புகுந்தவர் நீங்கள் மறந்த இரண்டை நினைவுபடுத்திவிட்டுப் போவது அடிக்கடி நடக்கும். அவர் நினைவு வேறாக இருந்தால், "அண்ணனுக்கு இது வேறு மாதிரி நினைவிருக்கிறது" என்று எழுதி இரண்டையும் வையுங்கள். அவருக்கு மட்டுமே சொந்தமான ஒன்று, அவர் படிப்பை நிறுத்தியது போலவோ யாரிடமோ கையேந்தியது போலவோ இருந்தால், அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்காதீர்கள். பெயரை மாற்றினாலும் உறவுக்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். உங்கள் பொய்யும் உங்கள் வெட்கமும் உங்களுடையவை. அவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டிலேயே மிகவும் குறுகிப்போனவளாக உங்களையே வைத்து எழுதினால், அண்ணனின் பயமும் கொஞ்சம் குறையலாம்.

திருத்திய பத்தியை மகளிடம் கொடுக்கும்போது எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம். அந்த நோட்டு வகுப்பில் ஏன் தனியாகத் தெரிந்தது, அன்று இரவு அம்மா எத்தனை மணிக்குத் தூங்கியிருப்பார் என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் பத்தி வேலை செய்கிறது. தாளைப் புரட்டித் தேடினால், நீங்கள் விட்டுவிட்ட விவரம் எது என்பது அவள் தேடும் இடத்திலேயே தெரிந்துவிடும்.